கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே மூன்று நாள்

2025 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அட்டவணை வந்த அன்று எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகை முன்னால் பிள்ளைகள் முதலில் எண்ணியது தேதிகளை இல்லை, தேதிகளுக்கு நடுவில் இருந்த லீவு நாட்களைத்தான். மார்ச் 28 தமிழ், ஏப்ரல் 2 ஆங்கிலம், 7 கணிதம், 11 அறிவியல், 15 சமூக அறிவியல். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நான்கு நாள், ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் நடுவே நான்கு நாள், அதன்பின் மூன்று, மூன்று. "சயின்ஸுக்கு மூணு நாள் இருக்குது சார், பார்த்துக்கலாம்" என்று ஒரு பையன் சொன்னான். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். ஐந்து தாள்களிலும் இடைநாளை நம்பி அதிகம் ஏமாறுவது அறிவியலில்தான் என்பது என் கணிப்பு. கணக்குக்கு முந்தைய நான்கு நாளில் ஒரு மாணவர் வடிவியலையும் வரைபடத்தையும் மட்டும் தினம் இரண்டிரண்டு போட்டுப் பார்த்தாலே தலா 8 மதிப்பெண் கொண்ட இரண்டு வினாக்கள் ஓரளவு கைக்குள் வந்துவிடும். அறிவியலில் அப்படி எடுத்துப் பிடிக்க ஒரு கைப்பிடி கிடையாது. ஒரே புத்தகத்தில் 23 அலகுகள்: இயற்பியல் 6, வேதியியல் 5, உயிரியல் 11, கடைசியில் கணினிக்கு என்று காட்சித் தொடர்பு ஒன்று. ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு பாடங்கள் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

இங்கேதான் முதல் கணக்குப் பிழை நடக்கிறது. நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் மூன்று நாளுக்கு 24 மணி நேரம். அலகுகள் 23. அலகுக்கு ஒரு மணி நேரம், மிச்சம் ஒரு மணி நேரம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. அதனால் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை காலை முதல் அலகான இயக்க விதிகளைத் திறக்கிறார்கள். அது ஒரு மணி நேரத்தில் முடியாது, இரண்டாகும். ஒளியியலும் அப்படியே. புதன் இரவு கரைசல்களில் நிற்பார்கள். வியாழன் முழுக்க ஓடினால் மரபியல் வரை வரலாம். கடைசி ஐந்து அலகுகள் திறக்கப்படாமலே போகும். இதில் இன்னொரு சோகம், இயக்க விதிகளை இவர்கள் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் மூன்று திருப்புதல் தேர்வுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்தே படித்திருப்பார்கள். நன்றாகத் தெரிந்த பாடம் ஆறாவது தடவை படிக்கப்படும், தெரியாத பாடம் ஒரு தடவையும் படிக்கப்படாது.

சரி, அந்த ஒரு மணி நேரக் கணக்கு சொன்னபடியே நடந்தால்? அப்போதும் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. செவ்வாய் காலை படித்தது வெள்ளி காலை தேர்வறைக்குப் போகும்போது மூன்று நாள் பழையதாகிவிடும். அதைத் திரும்பத் தொட நேரமே ஒதுக்கப்படவில்லை. இடைநாள் திருப்புதலின் சிக்கலே இந்த மூன்று நாள் பழமைதான். எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, இரண்டாம் முறை படிப்பதற்குப் பதிலாக, பார்க்காமல் நினைவில் இருந்ததை எல்லாம் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்ததே நன்றாக நினைவிருந்தது. அதற்கு 81 சதவீதம், படித்து எழுதியதற்கு 75. ஆனால் இரண்டு நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். இரண்டு முறை படித்தது 54-க்கு இறங்கியிருந்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்தது 68-இல் நின்றது.

இந்த ஆய்வை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் "படிப்பதைவிட எழுதிப் பார்ப்பது நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது முதல் பாதி. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வெறும் படிப்புதான் ஜெயிக்கிறது. அப்படியானால் இடைநாட்களின் முன்பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் வேறு வேறு முறை வேண்டும். செவ்வாயும் புதனும் தொடுவது இரண்டு, மூன்று நாள் தாங்க வேண்டும், அங்கே புத்தகத்தை மூடி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் பார்ப்பது இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும், அங்கே சும்மா படிக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் இதை அப்படியே மாற்றிச் செய்கிறார்கள். முதல் நாள் நிதானமாகக் கோடு போட்டுப் படிப்பார்கள், கடைசி இரவு பதற்றத்தில் டெஸ்ட் எழுதிப் பார்ப்பார்கள், எழுத வராததைக் கண்டு மேலும் பதறுவார்கள்.

படிப்பவருக்கே இது தெரியாமல் போவதற்குக் காரணமும் அந்த ஐந்து நிமிடம்தான். ஒரு பாடத்தை இரண்டாம் முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடும். "இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றும். கண்ணுக்குப் பழகிய வரி கையில் வரும் என்று நம்பிவிடுகிறோம். தேர்வறையில் அந்த வரி கண்முன் இருக்காது, கேள்வி மட்டும்தான் இருக்கும்.

இனி, அந்த 2025 ஏப்ரலில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி இந்த மூன்று நாளை எப்படிக் கழித்தாள் என்று சொல்கிறேன். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை இல்லை. மூன்றாம் திருப்புதல் தேர்வில் 75-க்கு 41 எடுத்தவள். எங்கள் பக்கம் மாசியும் பங்குனியும் புளிக் காலம். மரத்திலிருந்து இறக்கிய புளியைக் காயவைத்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுக்கும் கூலி வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும். அவள் வீட்டிலும் அம்மா, பாட்டி, இவள் என்று மூன்று பேரும் அதில் உட்காருவார்கள். எட்டு மணி நேரம் தனியறையில் மேஜை போட்டுப் படிப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கணக்குத் தேர்வு ஏப்ரல் 7, திங்கள். ஒன்றே கால் மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் வழக்கமான கூட்டம் கூடியது: இந்தக் கேள்விக்கு என்ன விடை, அது சரியா, இது தப்பா. ஒரு மதிப்பெண் வினாவில் ஒன்று தப்பு என்று தெரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. நான் மேற்பார்வைப் பணி முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது ஒரு மார்க். அதுக்கு இன்னிக்கு சாயங்காலத்தைக் கொடுத்துடாத" என்றேன். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. ஆறு மணிக்கு மேல பொருளடக்கத்தை மட்டும் எடு."

பொருளடக்கத்தை எடுப்பது ஒரு மணி நேர வேலை. 23 அலகுகளின் பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தைத் திறக்காமல், அதைப் பற்றி ஐந்து உருப்படியான செய்தி சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அலகுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 46 நிமிடம். ஐந்தும் வந்தால் ஒரு டிக். இரண்டு மூன்று வந்து நின்றுபோனால் பாதிக் கோடு. ஒன்றும் வரவில்லையென்றால் வட்டம். "படிச்சிருக்கேன்" என்ற நினைப்புக்கு இதில் மதிப்பில்லை. வாயில் வந்தால்தான் டிக். அவளுக்கு வந்த கணக்கு: டிக் 9, பாதிக்கோடு 10, வட்டம் 4.

மூன்று நாளும் எங்கே செலவாக வேண்டும் என்பதை இந்தப் பட்டியல் சொல்லிவிடும். மூன்று நாளில் மதிப்பெண்ணாக மாறக்கூடியது அந்தப் பத்துப் பாதிக்கோடுகள்தான். டிக் போட்டதில் மேலும் ஏறுவதற்கு அதிகம் இல்லை. வட்டம் போட்டது புதிதாகக் கற்க வேண்டியது. இடைநாளில் புதிதாகக் கற்பது, குறிப்பாக இயற்பியலில், நேரத்தை விழுங்கிவிட்டு அரைகுறையாக நிற்கும். அவள் வட்டம் போட்ட நான்கில் அணுக்கரு இயற்பியலும் உயிரின் தோற்றமும் பரிணாமமும் இருந்தன, அவற்றை விட்டுவிடச் சொன்னேன். சுற்றுச்சூழல் மேலாண்மையும் காட்சித் தொடர்பும் இருந்தன. அவை எளிய வாசிப்பிலேயே ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்களுக்குக் கை கொடுக்கும், ஆளுக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம் என்றேன்.

அலகை விடுவது என்றால் சில ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். வினாத்தாளின் அமைப்பைப் பார்த்தால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தெரியும். ஒரு மதிப்பெண் வினா 12, அதில் தேர்வு கிடையாது. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. நான்கு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினா மூன்று, ஒவ்வொன்றிலும் "அல்லது" உண்டு. ஆகப் பத்தில் மூன்றை விடும் உரிமையை வினாத்தாளே இரண்டு இடத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் இரண்டு மதிப்பெண் பகுதியில் 22-வது வினாவும் நான்கு மதிப்பெண் பகுதியில் 32-வது வினாவும் கட்டாய வினாக்கள். அவை பெரும்பாலும் ஒரு கணக்காகவே இருக்கும். எனவே ஓர் உயிரியல் அலகை விட்டால் தேர்வு உரிமை காப்பாற்றும். கணக்குப் போடுவதையே மொத்தமாக விட்டால் எதுவும் காப்பாற்றாது. தேர்ச்சியே கவலையாக உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75, எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும். அவர்களுக்கு மூன்று நாளும் ஒரு மதிப்பெண்ணும் இரண்டு மதிப்பெண்ணும்தான். இரண்டும் சேர்ந்தால் 26 வருகிறது. ஏழு மதிப்பெண் வினாவைத் துரத்தி மூன்று நாளைத் தொலைப்பது அவர்களுக்குக் கட்டாது.

செவ்வாய் காலை ஐந்தரைக்கு அவள் ஆரம்பித்தது மின்னோட்டவியல். ஒரு பாதிக்கோட்டு அலகுக்கு ஐம்பது நிமிடம் என்று வைத்திருந்தோம். பதினைந்து நிமிடம் பாடத்தைப் பார்ப்பது. அப்புறம் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் இருபது நிமிடம் நினைவில் உள்ளதை எல்லாம் எழுதுவது. வாக்கியமாக வேண்டாம், விதி, சூத்திரம், அலகு, படம், எது வந்தாலும் சரி. பத்து நிமிடம் புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையால் திருத்துவது. மிச்ச ஐந்து நிமிடத்தில் சிவப்பு விழுந்ததை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எடுத்து வைப்பது. வெற்றுத்தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். துண்டுச் சீட்டு பத்திரம்.

கணக்கு உள்ள அலகுகளில் அந்த இருபது நிமிடத்தில் பத்து, கணக்குக்குப் போக வேண்டும். தீர்க்கப்பட்ட கணக்கின் விடையைக் கையால் மறைத்துவிட்டுப் போட வேண்டும். விடையைப் பார்த்துக்கொண்டே "ஆமா, இப்படித்தான்" என்று தலையாட்டுவது கணக்கில் செல்லாது. அவள் 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டாள்.

1/R = 1/6 + 1/3 = 1/2

இதை எழுதிவிட்டு R = 0.5 ஓம் என்று முடித்தாள். தலைகீழாக்க மறந்துவிட்டாள், விடை 2 ஓம். இந்தத் தவற்றை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை இருப்பதிலேயே சிறியதைவிடக் குறைவாக இருக்கும் என்று நாங்கள் சொல்லித் தரும் சரிபார்ப்பு இங்கே உதவாது, ஏனென்றால் 0.5-உம் 3-ஐவிடக் குறைவுதானே. இரண்டு மின்தடைகள் என்றால் விடை, சிறியதற்கும் சிறியதில் பாதிக்கும் நடுவில் விழ வேண்டும். இங்கே 1.5-க்கும் 3-க்கும் நடுவில். 2 பொருந்துகிறது, 0.5 பொருந்தாது. துண்டுச் சீட்டில் அவள் எழுதியது: "பக்கம் – தலைகீழ் போடு. பாதிக்கும் சின்னதுக்கும் நடுவுல இருக்கா?" பாடத்தைச் சுருக்கி எழுதியிருந்தால் இப்படி ஒரு வரி வந்திருக்காது. சீட்டின் பயனே இதுதான், அது பாடத்தின் சுருக்கமாக இல்லாமல் அவளுடைய தவறுகளின் பட்டியலாக இருக்கிறது.

அடுத்து இயற்பியலிலேயே தொடராமல் உயிரியலுக்குப் போனாள்: சுற்றோட்டம். இப்படி மாற்றி மாற்றி வைப்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரே வகைப் பாடத்தை நான்கு மணி நேரம் தொடர்ந்தால் மூன்றாம் மணியில் கை ஓடும், மனம் நிற்கும். இதயத்தின் படத்தைப் பார்க்காமல் வரைந்தாள். இடது வலது மாறிவிட்டது. படத்தில் நம் வலக்கைப் பக்கம் இருப்பது இதயத்தின் இடப் பக்கம், எதிரில் நிற்பவரின் இடக்கை மாதிரி. அதோடு நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் மிகுந்த ரத்தம் போகிறது என்று எழுதியிருந்தாள், தமனி என்றாலே சுத்த ரத்தம் என்ற பழைய மனப்பாடம். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தம் இன்னும் ஆக்ஸிஜன் ஏறாதது. இரண்டும் சீட்டுக்குப் போயின.

வேதியியலில் அணுக்களும் மூலக்கூறுகளும். இங்கே சூத்திரத்தை எழுதினாள், 9 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறு என்ற கணக்கில் சறுக்கினாள். நீரின் மூலக்கூறு நிறை 18, எனவே மோல்கள் 9/18 = 0.5. அதை 6.023 × 10²³ உடன் பெருக்கினால் 3.0115 × 10²³. அவள் 9-ஐயே நேராக அவகாட்ரோ எண்ணோடு பெருக்கியிருந்தாள். "கிராம் வந்தால் முதலில் மோல்" என்று ஒரு சீட்டு.

பதினொன்றரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டது, புளி வேலையும் வந்துவிட்டது. இதை நான் தடை என்று நினைத்திருந்தேன், அவள் அம்மா வேறு மாதிரி ஆக்கிவிட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், அறிவியல் தெரியாது. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை அவர் வாசிக்க, இவள் கொட்டை எடுத்துக்கொண்டே விடை சொன்னாள். "கண்ணு, இது நேத்தும் தப்பாச் சொன்ன" என்று அம்மா சொன்னால் அது ஒரு சீட்டு. கேட்பவருக்கு விடை தெரிய வேண்டிய அவசியமே இல்லை, சரியான விடையை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நான்கு விடைகளையும் வாசிக்காமல் கேள்வியை மட்டும் வாசிக்கச் சொன்னோம். விடைகளைக் கேட்டால் எது பழகிய சொல்லோ அதை வாய் பிடித்துக்கொள்ளும்.

அன்று ஆறு அலகுகள் முடிந்தன. புதன் காலை மிச்ச நான்கு. புதன் மதியத்துக்கு மேல் டிக் போட்ட ஒன்பதுக்கும் தலா பதினைந்து நிமிடம், வெற்றுத்தாள் மட்டும். அதில் இரண்டு உண்மையில் டிக்காக இல்லை என்று தெரிந்தது. அப்புறம் சுற்றுச்சூழலும் காட்சித் தொடர்பும்.

புதன் மாலைதான் வாட்ஸ்அப்பில் "கட்டாயம் வரும்" பட்டியல்கள் வரத் தொடங்கும். ஒவ்வொரு பட்டியலிலும் ஏழு மதிப்பெண் வினா இருபதுக்குக் குறையாது. மூன்று பட்டியலைச் சேர்த்தால் புத்தகமே வந்துவிடும். அதைப் பார்த்து ஒரு பிள்ளை தன் திட்டத்தை மாற்றினால், தன்னிடம் இல்லாததைத் தேடுவதை விட்டு ஊரார் சொன்னதைத் தேடத் தொடங்குகிறது என்று பொருள். அவளும் மாற்றினாள், ஒரு மணி நேரம். அவள் விட்டுவிட்ட அணுக்கரு இயற்பியல் ஒரு பட்டியலில் முதலாவதாக இருந்தது. ஆல்ஃபா சிதைவையும் பீட்டா சிதைவையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு, கடைசியில் எதுவும் நிற்காமல் எழுந்தாள். அந்த ஒரு மணி நேரம் மரபியலுக்கு வைத்திருந்தது. இருபண்புக் கலப்பின் பதினாறு கட்டங்களைப் போட்டு 9:3:3:1 வரை கொண்டுவருவது அவளுக்கு முக்கால்வாசி வந்திருந்தது. அதை அன்று முழுசாக்கியிருக்கலாம்.

வியாழனின் வேலை செவ்வாயின் வேலையைத் திரும்பச் செய்வது. இதைப் பலரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் கடைசி நாளில் புதிதாக ஏதாவது படிக்காவிட்டால் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் செவ்வாய் எழுதிய ஆறு அலகுகளும் அப்போது இரண்டு நாள் பழையவை. வெள்ளிக்கிழமை எது நிற்கும், எது நிற்காது என்பதைக் காட்டும் உண்மையான சோதனை அங்கேதான் கிடைக்கிறது. படித்த அன்றே எழுதிப் பார்த்தால் அது ஐந்து நிமிடக் கணக்குதான், ஏமாற்றும். அவள் காலையில் பத்துப் பாதிக்கோட்டு அலகுகளையும் மீண்டும் வெற்றுத்தாளில் எழுதினாள், தலா பதினைந்து, இருபது நிமிடம், படிக்காமல் நேரே எழுதுவது. சுற்றோட்டம் நன்றாக வந்தது. மின்னோட்டவியலில் கணக்கு வந்தது, ஜூல் வெப்ப விதி வரவில்லை. கார்பனும் அதன் சேர்மங்களும் பாதிக்கு மேல் போயிருந்தது. அந்த அலகை மட்டும் மறுபடி ஐம்பது நிமிடம் செய்தாள். பத்தில் ஒன்று இரண்டு இப்படித் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துத்தான் வியாழன் மதியத்தைக் காலியாக வைக்கிறோம்.

மாலை நான்கு மணிக்கு மேல் வெற்றுத்தாள் நிறுத்தம். இனி எழுதிப் பார்த்துத் தவறு கண்டுபிடித்தால் அதைத் திருத்த நேரமில்லை, பயம் மட்டும் மிஞ்சும். சூத்திரங்களும் படங்களும் ஒரு சுற்று, சீட்டுகள் ஒரு சுற்று. அவளிடம் நாற்பதுக்குச் சற்று மேலே சீட்டுகள் சேர்ந்திருந்தன. ஒன்பதரைக்குப் படுத்துவிட்டாள். மறுநாள் பங்குனி உத்திரம், பக்கத்து ஊர் முருகன் கோயில் ஒலிபெருக்கி இரவு முழுக்க ஓடியது என்று பிறகு சொன்னாள். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. கண்விழித்துப் படிப்பதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி இரவில் மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள், மறுநாள் அந்த மூன்றே கால் மணி நேரத் தேர்வில் அதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கே தெரியும் என்றால் கணக்கில் தெரியும். சூத்திரம் சரியாக இருக்கும், பெருக்கலில் தப்பு வரும், அலகு எழுதாமல் விட்டிருக்கும். திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது யார் முந்தின இரவு தூங்கவில்லை என்று என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பாதிக்கோடு பத்து இருந்ததால்தான் இது அவளுக்குப் பொருந்தியது. வட்டம் பதினைந்து இருக்கும் பிள்ளைக்கு வெற்றுத்தாளைக் கொடுத்தால் அது வெற்றுத்தாளாகவே திரும்பி வரும். நினைவிலிருந்து எடுக்க முதலில் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் நான்கைந்து அலகுகளோடு நிறுத்திவிடுவேன், பின்பக்க வினாவும் எளிய படங்களும் மட்டும். மூன்று நாள் ஓர் ஆண்டை ஈடுகட்டாது என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரே கால அட்டவணையை நகல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். நானே ஓர் ஆண்டு அப்படிக் கொடுத்திருக்கிறேன். மணிக்கு மணி பெட்டி போட்ட அட்டவணை. மூன்று பிள்ளைகள் முதல் நாள் பதினொரு மணிக்கே அதில் பின்தங்கி, பின்தங்கியதையே நினைத்து மிச்ச நாளைத் தொலைத்தார்கள். அதிலிருந்து மணி குறிப்பதில்லை, அலகை மட்டும் குறிக்கிறேன்.

வெள்ளி காலை அவள் ஏறிய பேருந்தில்தான் நானும் மேற்பார்வைக்குப் போனேன். தேர்வு மையம் வேறு பள்ளி, முக்கால் மணி நேரப் பயணம். முன்னிருக்கையில் ஒரு பையன் தடித்த கைடு ஒன்றை விரித்து முதல் பக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இவள் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் படித்து அடியில் செருகினாள். எழுதிப் பார்க்கவில்லை, கண்ணை மூடிச் சொல்லிப் பார்க்கவில்லை, சும்மா படித்தாள். இறங்கும்போது, "சார், இதை எல்லாம் இப்ப என்ன பண்றது?" என்றாள்.

"எங்கிட்ட கொடு" என்றேன். "சாயங்காலம் சமூக அறிவியல் பொருளடக்கத்தை எடு. நடுவுல தமிழ்ப் புத்தாண்டு வருது, அந்த நாளைக் கணக்குல வைக்காத. அதனால ரெண்டு நாள்தான்."